பேச்சுத் தமிழில் எழுதியும் பதில் விறைப்பாகவே இருக்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

"அக்கா, எல்லாத்தையும் பேச்சு வழக்குக்கு மாத்திட்டேன். ஆனா படிச்சா இன்னும் நோட்டீஸ் மாதிரிதான் இருக்கு. எங்க தப்பு?"

வாடிக்கையாளர்களுக்கு சாட்டில் பதில் எழுதும் ஒரு பெண் என்னிடம் கேட்டது இது. பதில்களைத் திருத்துவது பல வருடங்களாக என் வேலை. இந்தக் கேள்வி அடிக்கடி வரும். ஒருவருக்குப் பணம் இரண்டு முறை பிடிக்கப்பட்டிருந்தது. அவருக்கு அவள் எழுதியிருந்த பதில்:

"வணக்கம். உங்களோட புகார் பெறப்பட்டிருக்கு. நீங்க செலுத்தின தொகை உங்களோட வங்கிக் கணக்குக்கு திருப்பி அனுப்பப்படும். இதுக்கு மூணு முதல் அஞ்சு வேலை நாட்கள் ஆகலாம். சிரமத்துக்கு வருந்துறோம். தயவுசெஞ்சு காத்திருங்க."

விகுதி எல்லாம் பேச்சுதான். "இருக்கிறது" என்பது "இருக்கு" ஆகிவிட்டது, "இதற்கு" என்பது "இதுக்கு" ஆகிவிட்டது. இருந்தும் இப்படி யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். "பெறப்பட்டிருக்கு" என்று எந்த மனிதரும் போனில் சொல்லி நான் கேட்டதில்லை.

முதலில் ஒரு சோதனை

திருத்தத் தொடங்கும் முன் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். எழுதியதைப் பார்த்துப் படித்தால் தெரியாது, கண் அதற்குப் பழகிப் போயிருக்கும். ஒருமுறை படித்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதே விஷயத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். யாரும் இல்லையென்றால் குரல் பதிவாகப் பேசுங்கள். பிறகு பேசியதையும் எழுதியதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வாய் எந்த இடத்தில் எழுத்தை விட்டு விலகிப் போனதோ அங்கேதான் விறைப்பு இருக்கிறது.

அவளையும் இப்படிச் சொல்ல வைத்தேன். யோசிக்காமல் சொன்னாள்: "சார், பணம் ரெண்டு தடவை போயிருக்கு. ஒண்ணு திரும்ப வந்துடும், ஒரு அஞ்சு நாள் ஆகும்." அவள் எழுதிய பதிலில் இருந்த ஒரு வினைச்சொல்கூட இதில் அப்படியே வரவில்லை. "பெறப்பட்டிருக்கு", "செலுத்தின", "அனுப்பப்படும்" எல்லாம் போய் "போயிருக்கு", "வந்துடும்" வந்துவிட்டன. கோளாறு விகுதியில் இல்லை, வினையில் இருக்கிறது என்பது அவளுக்கே அங்கே புரிந்தது.

அறிகுறி: விகுதியை மாற்றியும் நோட்டீஸ் போலவே இருக்கிறது

அதிகம் வரும் கோளாறு இதுதான். முக்கியக் காரணம் "படு". பெறப்படும், அனுப்பப்படும், சரிசெய்யப்படும், தெரிவிக்கப்பட்டுள்ளது. இந்தச் செயப்பாட்டு வினை எழுத்துத் தமிழில் நிறைய உண்டு. பேச்சில் கிட்டத்தட்ட கிடையாது. அதனால் "அனுப்பப்படும்" என்பதன் வாலை எப்படி வளைத்தாலும் அது பேச்சாக மாறாது. வினையையே மாற்ற வேண்டும். அதற்குத் தமிழில் மூன்று வழி இருக்கிறது.

முதல் வழி, செய்தவரை வாக்கியத்துக்குள் கொண்டுவருவது. "உங்கள் புகார் பெறப்பட்டது" என்பதில் ஆளே இல்லை. "உங்க மெசேஜ் பார்த்தேன்" என்றால் ஓர் ஆள் வந்துவிடுகிறார். "நான்" என்றுகூடத் தனியாகச் சொல்ல வேண்டாம், "பார்த்தேன்" என்பதன் "ஏன்" சொல்லிவிடுகிறது. ஒவ்வொரு வாக்கியத்தையும் "நான்", "நீங்கள்" என்று தொடங்கினால் அதுவே மொழிபெயர்ப்பு வாசனை அடிக்கும்.

இரண்டாவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. தமிழில் நிறைய வினைகள் ஜோடியாக இருக்கின்றன, தானாக நடப்பது ஒன்று, ஒருவர் நடத்துவது ஒன்று. மாறு, மாற்று. சேர்ந்தது, சேர்த்தது. நில், நிறுத்து. உடைந்தது, உடைத்தது. யார் செய்தார் என்று சொல்ல விரும்பாத இடத்தில் பேச்சுத் தமிழ் "படு"வைத் தேடிப் போவதில்லை, ஜோடியில் தானாக நடக்கும் பாதியை எடுத்துக்கொள்கிறது. "சேவை நிறுத்தப்பட்டது" என்பதை "நின்னு போச்சு" என்கிறோம். "கடவுச்சொல் மாற்றப்பட்டுவிட்டது" என்பதை "பாஸ்வேர்டு மாறிடுச்சு" என்கிறோம். "தொகை திருப்பி அனுப்பப்படும்" என்பதற்கும் இதே வழிதான்: "பணம் திரும்ப வந்துடும்." அனுப்புகிறவரின் பக்கத்திலிருந்து சொல்லாமல், வாங்குகிறவரின் பக்கத்திலிருந்து சொல்கிறோம். பணத்துக்காகக் காத்திருப்பவருக்கு "வரும்" என்ற சொல்தான் காதில் விழ வேண்டும்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. தவறு நம்முடையதாக இருக்கும்போது இந்த இரண்டாவது வழியை எடுக்காதீர்கள். "உங்க அக்கவுண்டு லாக் ஆயிடுச்சு" என்றால் அது தானாக நடந்த மாதிரி ஆகிவிடும். நாம் பூட்டியிருந்தால் "நாங்கதான் லாக் பண்ணோம்" என்று முதல் வழியில் சொல்வதுதான் நேர்மை.

மூன்றாவது வழி "இருக்கு". ஒரு வேலை முடிந்து அதன் நிலை அப்படியே நிற்கிறது என்றால், செய்தவரைச் சொல்லாமலே "கதவு பூட்டியிருக்கு", "பில்லுல எழுதியிருக்கு" என்கிறோம். "விவரங்கள் கீழே கொடுக்கப்பட்டுள்ளன" என்பது "விவரம் கீழ குடுத்திருக்கு" என்று ஆகும். "கொடுக்கப்பட்டிருக்கு" தேவையே இல்லை.

"படு"வுக்கு அடுத்த குற்றவாளி, வினையைப் பெயராக்கி அதன் பின்னால் இன்னொரு வினையைக் கட்டுவது. "மாற்றம் செய்யப்படும் பட்சத்தில் அது குறித்து அறிவிப்பு வழங்கப்படும்" என்ற வாக்கியத்தில் உண்மையான வேலை இரண்டே இரண்டு: மாற்றுவது, சொல்வது. "மாத்தினா சொல்றோம்." ஏழு சொல்லுக்குள் ஒளிந்திருந்த இரண்டு வினையை வெளியே எடுத்ததும் மீதி தானாக உதிர்ந்துவிட்டது. குறித்து, மூலம், பட்சத்தில், மேற்கொள், வழங்கு ஆகிய சொற்கள் கண்ணில் பட்டால், பக்கத்தில் ஒரு வினை பெயராகி உட்கார்ந்திருக்கும். அதைத் திரும்ப வினையாக்குங்கள்.

அறிகுறி: வாக்கியம் நீளமாகி, முடிவில்தான் விஷயம் வருகிறது

"நீங்க நேத்து அனுப்பின ஃபார்ம்ல குறிப்பிட்டிருந்த அட்ரஸுக்கு அனுப்பின பார்சல் திரும்பி வந்திருக்கு." இதில் "படு" இல்லை, விகுதியும் சரி. ஆனாலும் ஒருவர் மூச்சுவிடாமல் படிக்கிற மாதிரி இருக்கிறது. அனுப்பின, குறிப்பிட்டிருந்த, அனுப்பின என்று பெயரெச்சம் மூன்று வரிசையாக நிற்கிறது. எழுத்தில் கண் திரும்பிப் போய்ப் பார்த்துக்கொள்ளும். பேச்சில் கேட்பவருக்கு அந்த வசதி கிடையாது. அதனால் பேசுகிறவர் விஷயத்தைத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் கேட்பவர் பிடித்துக்கொண்டாரா என்று பார்த்துக்கொண்டே போகிறார்:

"நேத்து ஒரு ஃபார்ம் அனுப்பினீங்கல்ல, அதுல இருந்த அட்ரஸுக்குதான் பார்சல் அனுப்பினோம். அது திரும்பி வந்திருக்கு."

"அனுப்பினீங்கல்ல, அதுல" என்ற அந்த மூட்டைப் பாருங்கள். "இல்ல" என்பது சுருங்கி "ல்ல" ஆகி, "உங்களுக்கும் தெரியும்தானே" என்று எதிரில் இருப்பவரைச் சேர்த்துக்கொள்கிறது. "அதுல" அந்தத் துண்டைக் கையில் எடுத்து அடுத்ததோடு கோக்கிறது. நான் வைத்திருக்கும் கணக்கு: ஒரு பெயருக்கு முன்னால் ஒரு பெயரெச்சம்தான். இரண்டாவது வந்தால் வாக்கியத்தை வெட்டிவிடுகிறேன்.

அறிகுறி: எல்லாம் சரிதான், ஆனால் ஒட்டாத குரல்

இது நுணுக்கமான கோளாறு. எனக்கு இது புரிந்தது ஒரு தவறு நடந்த பிறகு. ஒருவர் மூன்றாவது முறையாகப் புகார் செய்திருந்தார். "பார்க்கிறோம் சார்" என்று எங்கள் பக்கத்திலிருந்து பதில் போனது, நான்தான் சரிபார்த்து அனுப்பினேன். அவர் கொதித்துப்போய் எழுதினார், "மூணு தடவையா பாத்துக்கிட்டேதானே இருக்கீங்க" என்று. அவர் கோபம் நியாயம். தமிழில் "பார்க்கிறேன்" என்பது தட்டிக்கழிக்கும் சொல். கடன் கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பச் சொல்வது அதைத்தான். அங்கே வந்திருக்க வேண்டியது "பார்த்துக்கறோம்". நடுவில் ஒரு "கொள்" வந்ததும் பொறுப்பு நம் தலையில் ஏறிவிடுகிறது.

இந்தத் துணைவினைகள்தான் பேச்சின் உயிர். விடு, கொள், பார், வை, போடு, போ. எழுத்தில் இவற்றை விட்டுவிட்டு மொட்டையாக எழுதப் பழகியிருக்கிறோம், அதனால்தான் குரல் ஒட்டாமல் போகிறது. "மறந்தேன்" என்றால் கதை சொல்கிற மாதிரி இருக்கிறது, "மறந்துட்டேன்" என்றால் ஒப்புக்கொள்கிறோம். "அனுப்பினேன்" என்பது நடந்ததை மட்டும் சொல்கிறது. "அனுப்பிட்டேன்" என்றால் வேலை முடிந்தது, கவலை வேண்டாம் என்று பொருள். "அனுப்பியிருக்கேன்" என்றால் போய்ப் பாருங்கள், அங்கே இருக்கும் என்று பொருள். ஒருவர் "அனுப்பிட்டீங்களா?" என்று கேட்டிருக்கும்போது "அனுப்பினேன்" என்று பதில் எழுதினால், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி விழுந்துவிடும். கேட்டவர் பயன்படுத்திய துணைவினையையே திருப்பிக் கொடுப்பது நல்லது.

அடுத்து ஒட்டுச் சொற்கள். ஒரே வாக்கியத்தை நான்கு விதமாகச் சொல்லிப் பாருங்கள்: "இன்னைக்கு வந்துடும்." "இன்னைக்கே வந்துடும்." "இன்னைக்குதான் வரும்." "இன்னைக்கும் வரும்." முதலாவது தகவல். இரண்டாவது நல்ல செய்தி, எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம். மூன்றாவதில் நேற்றே வரும் என்று நினைத்தவரைத் திருத்துகிறோம். நான்காவதில் நேற்றும் வந்தது, இன்றும் உண்டு. எழுத்து மொழிக்குப் பழகிய கை இதற்கெல்லாம் "உறுதியாக", "மட்டுமே", "மேலும்" என்று முழுச் சொற்களைத் தேடும். பேச்சில் ஓர் "ஏ", ஒரு "தான்", ஓர் "உம்" போதும்.

பணிவையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். "தயவுசெய்து" பேச்சில் கெஞ்சலாகவோ எரிச்சலாகவோதான் வருகிறது, "தயவுசெஞ்சு போயிடு" என்கிற மாதிரி. சாதாரணமாக ஒன்றைக் கேட்க நாம் வைத்திருப்பது "கொஞ்சம்": "கொஞ்சம் வெயிட் பண்ணுங்க", "அந்த நம்பரைக் கொஞ்சம் சொல்லுங்களேன்." "காத்திருக்கவும்", "தொடர்புகொள்ளவும்" என்று "வும்" போட்டு முடிப்பது சுவரில் ஒட்டும் அறிவிப்புக்குத்தான் பொருந்தும், ஒரு மனிதருக்கு எழுதும் பதிலில் அது உத்தரவாகக் கேட்கிறது.

இதையெல்லாம் சேர்த்து அவளும் நானும் அந்தப் பதிலை மறுபடி எழுதினோம்:

"வணக்கம். உங்க மெசேஜ் பார்த்தேன். பணம் ரெண்டு தடவை போயிருக்கு, தப்பு எங்க பக்கம்தான். மன்னிச்சுக்கோங்க. ரெண்டாவது தடவை போன பணம் உங்க அக்கவுண்டுக்கே திரும்ப வந்துடும். அஞ்சு நாள் ஆகும், லீவு நாள் அதுல சேராது. அதுக்குள்ள வரலைன்னா இங்கயே ஒரு மெசேஜ் போடுங்க, நான் பார்த்துக்கறேன்."

"மூணு முதல் அஞ்சு" என்பதை ஏன் எடுத்தோம் என்று கேட்டாள். பேச்சில் "மூணு முதல் அஞ்சு" என்று சொல்வதில்லை, "மூணு நாலு நாள்", "நாலஞ்சு நாள்" என்று பக்கத்துப் பக்கத்து எண்ணைச் சேர்த்துத்தான் சொல்கிறோம். ஆனால் அது உத்தேசம். பணத்துக்குக் காத்திருப்பவர் "மூணு"வை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு நாலாவது நாள் காலையில் கேட்பார். அதனால் பெரிய எண்ணை மட்டும் வைத்தோம். "சிரமத்துக்கு வருந்துறோம்" போனதற்கும் காரணம் உண்டு. எந்தச் சிரமம் என்று சொல்லாமல் வருந்துவதைப் படிக்கிறவர் கடந்து போய்விடுவார். என்ன நடந்தது என்று சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்டால்தான் அது அவருக்குக் கேட்கும்.

அறிகுறி: பாதி வாக்கியம் வேஷ்டி, பாதி பேன்ட்

"தங்களது மெசேஜை பாத்துட்டேன்." "உங்கள் ஆர்டர் நாளைக்கு வந்துடும், ஆகவே கவலைப்படாதீங்க." இது விறைப்பைவிட மோசமாகத் தெரியும், ஏனென்றால் படிப்பவருக்கு இரண்டு குரல் கேட்கும். வேகமாகத் திருத்தும்போது வினையை மட்டும் மாற்றிவிட்டு மீதியை விட்டுவிடுவதால் வருகிறது. தங்களது, உங்களுடைய, ஆகவே, எனினும், மேலும், ஆகிய, மற்றும் என்ற சொற்களை ஒரு தேடல் போட்டாலே பெரும்பாலும் பிடித்துவிடலாம். "மற்றும்" போய் "உம்" வரட்டும்: "பேரும் நம்பரும் அனுப்புங்க." "ஆகவே" பெரும்பாலும் எதுவும் இல்லாமலே போய்விடும்.

அறிகுறி: பேச்சு வழக்குதான், ஆனால் படிக்கவே முடியவில்லை

எதிர்ப்பக்கம் போய் விழுவது இது. காதில் கேட்பதை அப்படியே எழுதினால் எழுத்து தாங்காது. பேசும்போது "அவன்" என்பதன் "ன்" முழுதாக ஒலிப்பதில்லை, மூக்கில் போய் முடிந்துவிடுகிறது. அதைக் கேட்டபடி "அவ வந்தா" என்று எழுதினால் ஆண் பெண்ணாகிவிடுவார், "வந்தால்" என்றும் படிக்கலாம். ஆகவே சொல்லின் கடைசியில் வரும் "ன்", "ம்" இரண்டையும் எழுத்தில் விட்டுவிடக் கூடாது. "நா", "மர" என்று எழுத வேண்டாம், "நான்", "மரம்" என்றே இருக்கட்டும்.

சொல்லின் தொடக்கத்திலும் இதே கவனம் வேண்டும். "நினைச்சேன்" என்பதை "நெனச்சேன்" என்றுதான் பலர் உச்சரிக்கிறோம், "விலை" "வெல"யாகவும் "உடம்பு" "ஒடம்பு"வாகவும் ஒலிக்கிறது. ஆனால் "விலை" என்று எழுதினாலே படிக்கிறவர் மனதுக்குள் தன் உச்சரிப்பில் படித்துக்கொள்வார். என் வழக்கம் இது: சொல்லின் தலை எழுத்துத் தமிழில், வால் பேச்சில். "நினைச்சேன்", "பார்த்துட்டேன்", "உடம்புக்கு எப்படி இருக்கு?" கண்ணும் தடுக்காது, காதும் ஏற்றுக்கொள்ளும்.

அறிகுறி: உங்களுக்கு இயல்பு, படித்தவருக்கு அந்நியம்

பேச்சுத் தமிழ் என்று ஒன்று மட்டும் இல்லை. நான் மேலே "ன்னு", "வந்துடும்", "பண்ணுங்க" என்றெல்லாம் எழுதியிருப்பது தமிழ்நாட்டில் பொதுவாகப் புழங்குவது. யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு "என்று" என்பது "ன்னு" ஆகாது, "எண்டு" ஆகும். "பண்ணுங்க" என்று நான் எழுதும் இடத்தில் அவர் "செய்யுங்கோ" என்பார். என் பதில் அவருக்குப் புரியும், ஆனால் வேறு யாரோ பேசுகிற மாதிரி இருக்கும். அவர் பேச்சை நான் போலி செய்து எழுதினால் இன்னும் மோசம், ஒரு சொல் பிசகினாலும் கேலி செய்கிற மாதிரி ஆகிவிடும்.

எதிரில் இருப்பவர் எந்த ஊர்க்காரர் என்று தெரியாதபோது நான் செய்வது, வாக்கியத்தின் கட்டைப் பேச்சில் வைத்துக்கொண்டு விகுதியை மட்டும் எழுத்துக்குத் திருப்பிவிடுவது: "உங்கள் மெசேஜ் பார்த்தேன். பணம் இரண்டு முறை போயிருக்கிறது, தவறு எங்கள் பக்கம்தான். ஐந்து நாளில் உங்கள் கணக்குக்கே திரும்ப வந்துவிடும். வரவில்லை என்றால் இங்கேயே சொல்லுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்."

இந்தப் பதிலில் பேச்சு விகுதி என்று ஒன்றுகூட இல்லை. அவள் முதலில் எழுதியதில் விகுதி முழுக்கப் பேச்சுதான். இரண்டையும் அடுத்தடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். "அனுப்பப்படும்" வந்த இடத்தில் நின்றாள். "வந்துவிடும்" என்பதை அப்படியே படித்துக்கொண்டு போனாள். வாய் தானாகவே அதை "வந்துடும்" என்றுதான் சொன்னது.